விடியற்காலைக் குளிரும் கேம்பல் பே முதியோரும்

குளிர்காலத்து விடியற்காலையில் முதியோர் உலாவச் செல்லலாகாது என்னும் எச்சரிக்கை ஆண்டுதோறும் நாடெங்கும் பரவுகிறது. பஞ்சாபுக்கும் உதகமண்டலத்திற்கும் அது பொருத்தமே. பெரிய நிக்கோபார் தீவின் கேம்பல் பேயிலும் அதை அப்படியே ஒப்புவிப்பது சரியன்று. ஏறத்தாழ 7 பாகை வட அட்சத்திலுள்ள அவ்வூரில் விடியலின் வெப்பநிலை பெரும்பாலும் 23, 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்குவதில்லை.

எனினும் இப்பொருளில் அக்கறை கொள்ள அவ்வூராருக்குத் தனிக் காரணம் உண்டு. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. அவர்களுள் பஞ்சாபிலிருந்து வந்தோர் பலர். முதுமை எய்திய ஒருவர் உறவினரைக் காண ஜனவரியில் வடக்கே செல்வாராயின், 24 டிகிரியில் உலாவிய உடல் 5 டிகிரியில் உலாவ நேரிடுகிறது.

அப்போது நிகழ்வது யாது? தோலிலுள்ள குளிருணர் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பரிவு நரம்புகள் கிளர்ச்சியுற்று, தோலின் சிறு தமனிகளைச் சுருக்குகின்றன. உடலின் வெப்பம் வீணாகாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் குழாய் குறுகியதால் இரத்தம் பாய்வதற்குத் தடை மிகுந்து, அழுத்தம் உயர்கிறது. 1932-ஆம் ஆண்டில் ஹைன்ஸ், பிரௌன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள், கையைப் பனிக்கட்டி நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி இவ்வுயர்வை அளந்து காட்டினர். குளிர்வது ஒரு கை மட்டுமே. அழுத்தமோ உடல் முழுவதும் உயர்கிறது.

இளைஞரிடத்தில் பெருந்தமனி மீள்தன்மை உடையது. உயரும் அழுத்தத்தைச் சிறிது விரிந்து ஏற்கும். முதியவரின் தமனி விறைத்திருத்தலால், இதயம் சுருங்கும்போது எழும் மேல் அழுத்தம் அவரிடம் மிகுதியாக ஏறுகிறது. அழுத்தம் உயர்ந்தால் நாடியைத் தணிக்கவேண்டிய கழுத்துத் தமனியின் உணர்விகளும் முதுமையில் மந்தமடைகின்றன. நடை நாடியை விரைவாக்குகிறது. முகத்தில் மோதும் குளிர்காற்றோ வேகசு நரம்பின் வழியாக அதை மெதுவாக்க முயல்கிறது. ஆகவே நாடி பெரிதும் மாறாதிருக்க, அழுத்தம் மட்டும் ஏறிநிற்பதுண்டு. நாடியை மட்டும் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடுவது பிழை. இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து உண்போரிடம் இப்பிழை இன்னும் எளிதில் நேரும்.

எடுத்துக்காட்டாக, 70 வயதான ஒருவருக்குக் கேம்பல் பேயில் அழுத்தம் 138/82 என்றும், நாடி 72 என்றும் கொள்வோம். பஞ்சாபில் விடியற்காலை உலாவித் திரும்பியவுடன் அளக்க, 160/92 வருகிறது, நாடி 78. அந்த ஓர் அளவையே நம்பி மாத்திரை கூட்டப்படுகிறது. பிப்ரவரியில் அவர் தீவுக்கு மீள்கிறார். வெம்மையில் தோலின் தமனிகள் விரிகின்றன. வியர்வையால் உடல்நீர் குறைகிறது. கூட்டிய மருந்தோ தொடர்கிறது. உட்கார்ந்திருக்கையில் 118/70 காட்டும் அழுத்தம், எழுந்து நின்றபின் 96/60 ஆகிறது. தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பெரிய மருத்துவமனைக்குக் கடலோ வானோ கடந்து செல்லவேண்டிய ஊர் அது. குளிரால் நேர்ந்த உயர்வைக் காட்டிலும், அதைத் தவறாகப் படித்ததன் விளைவே இங்கு அதிகம் அஞ்சத்தக்கது.

கேம்பல் பேயிலேயே காலையில் அழுத்தம் சற்று உயர்ந்து காணப்படின், அதைக் குளிரின்மேல் ஏற்றிவிடலாகாது. துயிலெழுங்கால் உள்சுரப்பிகளும் பரிவு நரம்புகளும் விழித்தெழுவதால், எந்நாட்டிலும் இவ்வுயர்வு உண்டு. இந்தியப் பொது நேரத்தைப் பின்பற்றும் அத்தீவில் ஏறத்தாழ 5 மணிக்கும் ஐந்தரைக்கும் இடையே சூரியன் உதித்துவிடுகிறது. ஆதலால் வடநாட்டுக் கடிகாரத்தைக் கொண்டு அங்கே ‘அதிகாலை’யைக் கணக்கிடுவதும் பொருந்தாது. மழையில் நனைந்த ஆடையோடு கடற்காற்றில் நடப்பது மட்டும் விலக்கு. ஈரம் ஆவியாகும்போது தோல் குளிர்ந்து, சிறு அளவில் அதே சுருக்கம் நேரும்.

களப்பணியாளர் செய்யத்தக்கது எளிது. உலாவி வந்தவரை உலர்ந்த ஆடையுடன் அறைக்குள் அமர்த்தி, குளிர் நீங்கும்வரை வைத்திருந்து, பின்னும் 5 நிமிடம் பேசாது அமர்ந்திருக்கச் செய்க. கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளக்க. குளிர்ந்த கையில் மணிக்கட்டு நாடி சிறுத்து, எண்ணும்போது தவறுமாதலால், முழு ஒரு நிமிடம் எண்ணுதல் வேண்டும். பின்னர் எழுந்து நிற்கச் செய்து, 3 நிமிடங்களுக்குள் மீண்டும் அளக்க. மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேலாகவோ, கீழ் அழுத்தம் 10 அல்லது அதற்கு மேலாகவோ இறங்கினால், மருத்துவரிடம் அனுப்புக. குறிப்பேட்டில் அழுத்தத்தின் அருகே அளந்த ஊர், மணி, அறையின் வெப்பநிலை ஆகியவற்றையும் எழுதிவைத்தால், வடக்கே எழுதிய சீட்டைத் தீவில் படிக்கும் மருத்துவர் மருந்தின் அளவை மீண்டும் முடிவு செய்ய இயலும். முதியவர் தாமாக மாத்திரையை நிறுத்துதல் ஆகாது.