முகத்துக்கு என்ன ஆயிற்று?

உறவினரின் இக்கேள்விக்கு அஞ்சி, 11ஆம் வகுப்பு மாணவி ஒருவர் திருமண வீடுகளையே தவிர்த்திருந்தார். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு முதல் வாரத்தில் சிவப்பைத் தணித்தது. பிறகு அதுவே பருக்களைப் பெருக்கியது. நிறுத்தினால் முகம் எரிந்தது. ஆகவே மீண்டும் பூசினார்.

பருவ வயதில் ஹார்மோன்கள் எண்ணெய்ச் சுரப்பைக் கூட்டுவதால் பரு வருகிறது. முகம் கழுவாததால் அன்று. களிம்பை நிறுத்தி, எரிச்சல் தணிந்தபின், இரவில் பட்டாணியளவு அடாபலீன் பூசச் சொன்னோம். தொடக்கத்தில் தோல் உலர்ந்து உரியலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்களாகும். அதற்குள் மருந்து பயனில்லை என்று கைவிடுவோர் உண்டு.

எங்கள் கருத்தில், அந்த 12 வாரங்களும் அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் தாய்தான்: "மருந்து பூசுகிறாள், நாளாகும்."