சின்சியர்னு எழுதிடாதீங்க

எங்க டீம்ல இருந்து கிளம்பின ஒரு பையனுக்கு ரெஃபரன்ஸ் எழுத உட்கார்ந்தேன். கை தானா 'சின்சியர்'னு எழுதிடுச்சு. நம்ம வீட்டுல அதுக்கு ஒழுங்கா உழைக்கிறவன்னு அர்த்தம். லண்டன் மேனேஜருக்கு அது மனசும் பேச்சும் ஒண்ணா இருக்கிறவன். உழைப்பு அதுல இல்லை.

'ஃபிராங்க்'னா மீட்டிங்ல முகத்துல அடிச்ச மாதிரி பேசுவான்னு படிச்சிடுவாங்க. 'அப்ரைட்' காசும் சாவியும் கையாளுறவருக்குப் பொருந்தும், கோட் எழுதுறவனுக்குப் பழைய வாசனை. இவனுக்கு உரியது 'கேண்டிட்': தப்பான டேபிளை அழிச்சுட்டு, யாரும் கவனிக்கிறதுக்கு முன்னாடி தானா வந்து சொன்னவன்.

அந்தச் சொல்லையும் விட்டுட்டு, நடந்ததையே ரெண்டு வரியில எழுதினேன். காரணம் இருக்கு. ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷ்யூரன்ஸ் வழக்குல, ஒரு இன்சூரன்ஸ் விற்பனையாளரை நேர்மை இல்லாதவர்னு சரியா விசாரிக்காமலே எழுதியிருந்தாங்க. ரெஃபரன்ஸைக் கவனமா எழுதுவது முதலாளியின் சட்டக் கடமைன்னு பிரபுக்கள் சபை 1994-ல் தீர்ப்பளித்தது. அடைமொழியை யாரும் விசாரிச்சுப் பார்க்க முடியாது, சம்பவத்தை முடியும்.

அனுப்புறதுக்கு முன்னாடி அவன்கிட்டயே காட்டினேன். "அண்ணா, ஒரு டேபிள் இல்லை, ரெண்டு"ன்னு திருத்தினான்.