கொள்முதல் நிலையத்தில் நெல் ஏன் தேங்குகிறது?

2025 அக்டோபரில் டெல்டா மாவட்டங்களில் குறுவை நெல், கொள்முதல் நிலைய வாசல்களில் குவிந்து மழையில் நனைந்தது. கூடுதல் ஆள் போட்டிருந்தால் சரியாகியிருக்குமா?

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு நிலையம் நாளுக்கு 40 கிலோ மூட்டை 1,000 பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 60 மூட்டை என்றால், அது சுமார் 17 ஏக்கர் நெல். அறுவடை இயந்திரங்கள் ஒரே நாளில் 25 ஏக்கரை அறுத்தால் 1,500 மூட்டை வரும். நாலே நாளில் 2,000 மூட்டை பாக்கி.

இரவு வரை எடை போட்டு, சுமைதூக்கும் தொழிலாளர்களுக்குக் கூடுதல் கூலி கொடுத்தால் பாக்கி தீருமே? லாரி வந்தால்தான் தீரும். 1,500 மூட்டை பிடித்து, 800 மட்டும் கிடங்குக்குப் போனால், அடுக்க இடமில்லாமல் சில நாளில் எடையே நின்றுவிடும். ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த நெரிசல் திடீரென வருவதில்லை. குறுவை ரகங்கள் சுமார் 110 நாளில் விளையும். எந்த ஊரில், எந்த வாரம், எத்தனை ஏக்கர் விதைத்தார்கள் என்பது தெரிந்தால் அறுவடை வாரமும் தெரிந்துவிடும். ஆள், சாக்கு, லாரி மூன்றையும் அந்த வாரத்துக்குச் சேர்த்தே ஒதுக்க வேண்டும். தினமும் மாலையில், பிடித்த மூட்டையைவிட ஏற்றிய மூட்டை குறைந்துகொண்டே போனால், தேவை ஓவர்டைம் அல்ல, லாரி.