மைனஸ் 6.5 பாகை: ஐஸ் கணக்கில் நாம் விடும் பிழை

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளுக்கு பௌதிகம் படிப்பிக்கிற சேர்மாரும் டீச்சர்மாரும், மீன் யாவாரம் செய்கிற காக்காமாரும் கட்டாயம் வாசியுங்க.

நேற்று உயர்தர மாணவர்களின் வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கேள்வி இதுதான்: 30 பாகையில் இருக்கும் 200 கிராம் நீரில், 0 பாகையில் இருக்கும் 100 கிராம் பனிக்கட்டியைப் போட்டால் இறுதி வெப்பநிலை என்ன? பாதிப் பேர் எழுதிய விடை மைனஸ் 6.5 பாகை. எல்லோரும் ஒரே பாதையில்தான் போயிருந்தார்கள். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. நோட்ஸில் கொடுத்த சமன்பாட்டை அப்படியே போட்டிருந்தார்கள்.

அந்தச் சமன்பாட்டில் என்ன பிழை? சமன்பாட்டில் பிழை இல்லை. அது பனிக்கட்டி முழுவதும் உருகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. உருகுமா உருகாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்காதது எங்கள் பிழை, பிள்ளைகளின் பிழை அல்ல.

கேட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் நீர் ஒரு பாகை குளிர்ந்தால் 4.2 யூல் வெப்பம் வெளியே வரும். 200 கிராம் நீர் 30 பாகையிலிருந்து 0 வரை இறங்கினால் 25,200 யூல். அந்த நீரால் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். ஒரு கிராம் பனிக்கட்டி வெப்பநிலை கொஞ்சமும் மாறாமல் வெறுமனே நீராக மாறுவதற்கே 334 யூல் வேண்டும். இதைத்தான் உருகலின் தன்மறை வெப்பம் என்கிறோம். 100 கிராமுக்கு 33,400 யூல் தேவை. கையில் 25,200தான் இருக்கிறது. காசு போதாது. 25,200ஐ 334ஆல் பிரித்தால் 75 கிராம் அளவில் உருகும், மீதி 25 கிராம் ஐஸாகவே மிதக்கும். வெப்பநிலை 0 பாகை. விடை அதுதான்.

மைனஸில் போக வழியே இல்லை. 0 பாகை ஐஸால் நீரை 0க்குக் கீழே இறக்க முடியாது. உப்புப் போட்டால் வேறு கதை. கடல் நீரே மைனஸ் 2 பாகையை அண்டித்தான் உறையும். ஆனால் இந்தக் கேள்வியில் உப்பு இல்லை.

ஐஸை 100 கிராமுக்குப் பதில் 50 கிராம் ஆக்கினால் நோட்ஸ் சமன்பாடு சரியாக வேலை செய்யும். உருக 16,700 யூல் போதும். மீதி 8,500 யூல், சேர்ந்த 250 கிராம் நீரை 0இலிருந்து 8 பாகைக்குக் கொண்டுவரும். உருகும் படியை மறந்து, ஐஸை வெறும் குளிர்ந்த நீராக நினைத்துக் கணக்குப் பார்த்தால் 24 பாகை வரும். 8க்கும் 24க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க மறை வெப்பத்தின் வேலை.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு எண் சொல்கிறேன். 334ஐ 4.2ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 80. ஒரு கிலோ ஐஸை உருக்க, 80 பாகை வெந்நீர் ஒரு கிலோ வேண்டும், அதுவும் உருகி முடியும்போது எல்லாம் 0 பாகையில்தான் இருக்கும். நம்ம கன்னியா வெந்நீர்க் கிணறுகளை எடுங்க. ஏழு கிணற்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம், 40 பாகை என்று வைப்போம். ஒரு லீற்றர் கன்னியாத் தண்ணீரில் அரைக் கிலோ ஐஸ் போட்டால் கடைசித் துண்டு உருகி முடியும் இடத்தில் சூடும் முடிந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஐஸ் போட்டாலும் வெப்பநிலை 0தான், மிஞ்சும் ஐஸ்தான் கூடும்.

இனி மீன் யாவாரிகளுக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத வைத்ததே அந்த விசயம்தான்.

எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவரின் வாப்பா மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டி கட்டி மீன் விற்கிறவர். போன மாதம் ஒரு நாள் பாதிப் பெட்டி மீன் மெதுவாகி நாசமாகப் போனது. "சேர், பத்து மணிக்குக் கைய விட்டுப் பாத்தேன், தண்ணி சில்லெண்டுதான் இருந்த. ரெண்டு மணித்தியாலத்துல எப்புடிக் கெட்ட?" என்று கேட்டார். ஐஸ்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது அவருடைய முடிவு.

"காக்கா, எவ்வளவு மீன், எவ்வளவு ஐஸ்?" என்று கேட்டேன். 20 கிலோ மீன், 8 கிலோ ஐஸ்.

மீனின் தன்வெப்பக் கொள்ளளவு நீரை விடக் கொஞ்சம் குறைவு, கிலோவுக்கு 3.6 கிலோயூல் அளவில். 30 பாகையில் இருக்கும் 20 கிலோ மீனை 0க்குக் கொண்டுவரவே ஆறரைக் கிலோ ஐஸ் உருகிப் போகும். வெயிலோடும் றோட்டுச் சூட்டோடும் மூடியைத் திறந்து திறந்து மூடுவதோடும் சண்டை பிடிக்க மிஞ்சியது ஒன்றரைக் கிலோ. அது 500 கிலோயூல் வெப்பத்தை விழுங்கும். அது விழுங்கி முடியும் வரை, துண்டுகள் மீனோடு நன்றாகக் கலந்திருந்தால், பெட்டி 0 பாகையில்தான் இருக்கும். அவர் கைவிட்டுப் பார்த்தது அந்த நேரம்.

கடைசித் துண்டு உருகிய பிறகு அதே 500 கிலோயூல் உள்ளே வந்தால்? பெட்டியில் 20 கிலோ மீனும் 8 கிலோ தண்ணீரும். இப்போது விழுங்க ஐஸ் இல்லை. ஏறத்தாழ 5 பாகை ஏறும். அதே வெயில், அதே பெட்டி. முதல் தடவை ஒரு மாற்றமும் தெரியவில்லை, அடுத்த தடவை 5 பாகை. ஐஸ்காரன் ஏமாற்றவில்லை. தண்ணீரின் குளிர்தான் ஏமாற்றியது.

அதனால் கையை விட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பது பிரயோசனமில்லை. ஐந்து கிலோ ஐஸ் மிச்சமிருந்தாலும் ஒரு துண்டுதான் மிச்சமிருந்தாலும் கைக்கு ஒரே குளிர். பார்க்க வேண்டியது எவ்வளவு ஐஸ் மிஞ்சியிருக்கிறது என்பதை. துறைமுகத்துப் பழைய ஆட்கள் மீனுக்குச் சரிபாதி ஐஸ் போடுவது இதனால்தான். மூன்றில் ஒரு பங்கு மீனைக் குளிர்விக்கச் செலவாகும், மீதிதான் வழியில் வரும் சூட்டுக்கு.

"பிறீசரில கல்லாட்டம் கிடந்த ஐஸ் கூடக் குளிர், கொஞ்சம் போட்டாலும் போதும்" என்று ஒரு கதையும் இருக்கிறது. மைனஸ் 18இலிருந்து 0க்கு வர, கிராமுக்கு 38 யூல்தான் கூடுதலாக எடுக்கும். 334க்குப் பக்கத்தில் அது ஒன்பதில் ஒரு பங்கு. 8 கிலோவுக்கு 9 கிலோ போட்ட மாதிரி, அவ்வளவுதான்.

மைனஸ் 6.5 எழுதிய பிள்ளைகளுக்குப் பாதிப் புள்ளிதான் போட்டேன். ஒரு பிள்ளையின் உம்மா ஃபோன் எடுத்து, நோட்ஸில் உள்ளபடிதானே எழுதியிருக்கு என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நோட்ஸில் முதல் வரியாக "எல்லா ஐஸும் உருகுமா?" என்ற கேள்வி இருந்திருந்தால் அந்த விடை வந்திருக்காது. சேர்மாரே, நீங்கள் என்றால் எத்தனை புள்ளி போடுவீர்கள், கீழே எழுதுங்க.

வருகிற கிழமை ஒரு பிளாஸ்கில் கன்னியாத் தண்ணீர் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். ஐஸை நான் கொண்டுபோவேன். போடுமுன் டிஷ்யூவால் ஒற்றித் துடைக்க வேண்டும், ஈர ஐஸை நிறுத்தால் ஏற்கனவே உருகிய தண்ணீரையும் ஐஸ் கணக்கில் சேர்த்துவிடுவோம். பிளாஸ்க் வகுப்புக்கு வந்து சேரும்போது 40 இருக்காது, 37க்கோ 38க்கோ இறங்கியிருக்கும். எத்தனை கிராம் ஐஸோடு உருகுவது நிற்கும் என்று பிள்ளைகளே முதலில் கணக்குப் பார்த்துக் கரும்பலகையில் எழுதட்டும், பிறகு போட்டுப் பார்ப்போம்.