தனியாகக் கேளுங்கள்
பிளஸ் டூ பிரிவுபசார விழா ஒன்றில் வகுப்பாசிரியை ஐந்து நிமிடம்தான் பேசினார், அதுவும் பிள்ளைகள் திரையில் ஓட்டவிருந்த முகமாற்றுப் படங்களைப் பற்றி. நடிகர் உடம்பில் நண்பன் முகம், அந்த மாதிரி விளையாட்டு. தன் முகத்தையும் அவர் சந்தோஷமாகக் கொடுத்திருந்தார். ஆனால் சம்மதத்தை வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள் என்றார். என்னை யோசிக்க வைத்தது இதுதான். வகுப்பே சிரிக்கும் இடத்தில் ஒருத்தி ‘வேண்டாம்’ என்று எழுத மாட்டாள். அவள் பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வோம். எந்தப் படத்தில் சேர்க்கப்போகிறோம் என்று சொல்லித் தனியாகக் கேட்டால் மறுப்பது எளிது, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. கேட்காமலே செய்துவிடுவதும் எளிதுதான். முகம் நேராகத் தெரியும் ஒரே படம் இருந்தால் போதும், கண், மூக்கு, வாய் இருக்கும் இடங்களைக் கணித்துச் செயலி இன்னோர் உடம்பில் பொருத்திவிடும். பல செயலிகளில் இந்த வேலை கைபேசியில் நடப்பதில்லை. படம் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. பிற்பாடு, பேசாமல் இருந்தவள் வருந்துகிறாள் என்று தெரிந்து குழுவில் ‘எல்லோருக்கும் நீக்கு’ என்று அழுத்தினாலும், கேலரியில் சேமித்தவரிடமும் வேறு குழுவுக்கு அனுப்பியவரிடமும் படம் அப்படியே இருக்கும். ஆகவே விழாவுக்குப் படம் தயாரிக்கும் பிள்ளைகளே, செயலியைத் திறப்பதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள்.