‘இங்கே என்ன இல்லை?’ என்னும் தவறான கேள்வி

பக்கவருமானத்துக்கு ஒரு தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நான்கு கடை ஏறி இறங்க வேண்டும், அண்டைவீட்டாரிடம் ‘இந்தப் பகுதியில் என்ன கிடைக்கவில்லை?’ என்று கேட்க வேண்டும் என்பது இன்று இந்தியாவெங்கும் சொல்லப்படும் பாலபாடம். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய மாதிரியைப் பின்பற்றி மாவட்டந்தோறும் அமைந்துள்ள ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களும் பயிற்சியாளர்களைச் சந்தை ஆய்வுக்கு அனுப்புகின்றன. வணிகவியல், சமூகப்பணித் துறை மாணவர்களின் திட்டக் கட்டுரைகளிலும் இதே வினாப்பட்டியல் வந்து அமர்ந்துவிட்டது. தெருவில் இறங்குவது சரி. கேட்கப்படும் கேள்விதான் பிழையானது. அப்பிழைக்கான விலையை வினாப்பட்டியலைத் தயாரித்தவர் கொடுப்பதில்லை. சேமிப்பைப் போட்டு அரவை இயந்திரம் வாங்கியவர்தான் கொடுக்கிறார்.

‘என்ன இல்லை?’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை விருப்பத்தின் பட்டியல், தேவையின் அளவன்று. பதில் சொல்பவருக்கு அதனால் எந்தச் செலவும் இல்லை. கேட்பவர் தெரிந்த முகமாக இருந்தால், ‘நீங்கள் செய்தால் கட்டாயம் வாங்குவேன்’ என்று சொல்வது மரியாதை. பொருளியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. நுகர்வோரின் மனத்துக்குள் புகாமல், அவர்கள் உண்மையில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதிலிருந்தே விருப்பத்தை அறியலாம் என்று பால் சாமுவேல்சன் 1938இலேயே வாதிட்டார். வகுப்பறையில் இதைப் படித்துவிட்டுத் தெருவில் இறங்கியதும் ‘வாங்குவீர்களா?’ என்று கேட்பதுதான் விந்தை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பெங்களூரின் புறநகரில் 200 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. அங்கே வசிக்கும் ஒரு பெண் இட்லி மாவு அரைத்து விற்க எண்ணுகிறார் என்று கொள்வோம். 40 வீடுகளில் கேட்கிறார். 30 வீட்டார் வாங்குவோம் என்கின்றனர். அதாவது முக்கால் பங்கு. 200 வீடுகளுக்கு 150. வீட்டுக்கு வாரம் ஒரு கிலோ. அரிசி, உளுந்து, மின்சாரம், உறை எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 35 ரூபாய் அடக்கம். கடைக்காரருக்குக் கழிவு போகக் கைக்கு வருவது 60. எஞ்சுவது 25. வாரத்துக்கு 3,750, மாதத்துக்கு 15,000 ரூபாய். இந்தக் கணக்கை நம்பி 10,000 ரூபாய்க்கு இயந்திரமும் பாத்திரங்களும் வாங்கத் துணிவு வந்துவிடும்.

இனி அதே 40 வீடுகளில் வேறொரு கேள்வியைக் கேட்பதாகக் கொள்வோம்: ‘கடந்த ஏழு நாளில் மாவு வாங்கினீர்களா? எங்கே, என்ன விலைக்கு, எத்தனை பொட்டலம்?’ நினைவு மங்காத அளவுக்கு அண்மைக்காலம். பொய் சொல்லக் காரணமில்லாத செய்தி. 14 வீட்டார் வாங்கியிருக்கின்றனர். மற்றவர்கள் வீட்டிலேயே அரைப்பவர்கள் அல்லது காலையில் வேறு உண்பவர்கள். அந்த 14 பேரில் 9 பேர் காய்கறியோடு சேர்த்துக் கைப்பேசியில் வரவழைக்கின்றனர்; அவர்களுக்குக் குறையேதுமில்லை. மீதி 5 பேருக்குத்தான் மனக்குறை: மாவு புளித்திருந்தது, உறை உப்பியிருந்தது, மாலையில் கடைக்குப் போனால் தீர்ந்துவிட்டது. முதல் கட்டத்தில் இடம் மாறக்கூடியவர்கள் இவர்களே. 40க்கு 5 என்றால் 200க்கு 25. வாரத்துக்கு 25 கிலோ, 625 ரூபாய். 3,750 எங்கே, 625 எங்கே?

கணக்கு இன்னும் முடியவில்லை. கடைக்காரரிடம் கேட்கும்போதும் இதே மயக்கம் நேர்கிறது. ‘வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம்’ என்று அவர் சொல்வதைத் தேவைக்குச் சான்றாகக் குறித்துக்கொள்கின்றனர். அவர் தம் பணத்தில் ஒரு ரூபாயும் போடவில்லை. குளிர்பெட்டியில் சிறிது இடம் கொடுத்திருக்கிறார், அவ்வளவே. விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியவர் அரைத்தவர். மாவோ சில நாள்களில் புளிக்கும் சரக்கு. 25இல் 5 பொட்டலம் திரும்பி வந்தால், விற்ற இருபதில் கிடைத்த 500 ரூபாயிலிருந்து அந்த ஐந்தின் அடக்கமான 175 கழிய வேண்டும். எஞ்சுவது வாரத்துக்கு 325, நான்கு வாரத்துக்கு 1,300. இயந்திரத்தில் போட்ட முதல் திரும்பவே ஏறத்தாழ எட்டு மாதம் ஆகும். அதிலும் அவருடைய உழைப்புக்குக் கூலி சேரவில்லை. ஆகவே கடையில் கேட்க வேண்டியவை வேறு. சென்ற வாரம் எத்தனை பொட்டலம் திருப்பி அனுப்பினீர்கள்? இதற்கு முன் யாராவது வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்களா, ஏன் நிறுத்தினார்கள்? ஐந்து பொட்டலத்தை ரொக்கம் கொடுத்து எடுத்துக்கொள்வீர்களா? மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்கினால் அந்தத் தயக்கமே விடை.

இரண்டாவது கேள்வி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லையென்றால் அதற்குக் காரணம் இருக்கும். யாருக்கும் தோன்றவில்லை என்பது அக்காரணங்களுள் ஒன்று மட்டுமே. முயன்றவர் நட்டப்பட்டுப் போயிருக்கலாம்; வாடகை தாங்காமல் இருந்திருக்கலாம்; அப்பொருளை மக்கள் மாதத்துக்கு ஒருமுறை நகரத்துக்குப் போகும்போது வாங்கி வந்துவிடலாம். வினாப்பட்டியல் இருப்பவர்களிடம் மட்டுமே போகிறது. மூடிவிட்டுப் போனவரிடம் போவதில்லை.

இவ்வளவும் சொன்னால், ‘இல்லாததைத் தேடாமல் வேறெதைத் தேடுவது?’ என்று கேட்பர். பெங்களூரிலேயே விடை இருக்கிறது. 2005இல் முஸ்தபாவும் அவர் உறவினரும் ஐடி ஃபிரெஷ் நிறுவனத்தைத் தொடங்கியபோது அந்நகரத்தில் இட்லி மாவு கிடைக்காத பொருளாக இல்லை. ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய நெகிழிப் பைகளில் மளிகைக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. அவ்வுறவினரின் கடையிலேயே விற்றது. தரத்தைப் பற்றிய குறைகளும் அங்கேயே காதில் விழுந்தன. ‘இங்கே என்ன இல்லை?’ என்று கேட்டிருந்தால் யாரும் மாவு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். மக்கள் காசு கொடுத்துக்கொண்டே முணுமுணுத்த இடத்தில்தான் தேவை இருந்தது.

அன்று காசு கொடுத்துக்கொண்டே குறைசொன்னவர் பலர். மேலே கண்ட குடியிருப்பில் இன்று ஐவரே. எனவே அந்தப் பெண் மாவைவிட்டுத் தம் தெருவின் தையற்கடைகளைப் பார்ப்பது நலம். சென்ற மாதம் எத்தனை வீட்டார் துணி திருத்தக் கொடுத்தனர், எத்தனை நாள் காத்திருந்தனர் என்று கேட்டுப் பார்க்கலாம். இரண்டு தையற்காரர் இருக்கும் தெருவில் தையலை ‘இல்லாதது’ என்று எவரும் குறிப்பிடமாட்டார். ஆனால் ரவிக்கைக்குப் பத்து நாள் காத்திருக்கும் தெருவில் மூன்றாமவருக்கு இடம் உண்டு.

இம்முறைக்கும் எல்லை உண்டு. இதுவரை அங்கே எவரும் வாங்கியறியாத பொருளைப் பற்றி, சென்ற வாரச் செலவு எதையும் சொல்லாது. அப்போது முன்பணம் வாங்கிக்கொண்டு பத்துப் பேருக்கு ஒருமுறை செய்து கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை எத்தனை பேர் முன்பணம் தருகின்றனர் என்பதை எண்ண வேண்டும்.

கடைகளுக்குப் போகும் மாணவரின் கையில் ‘வாங்குவீர்களா?’ என்ற வரி உள்ள தாளைக் கொடுத்து அனுப்பும் பேராசிரியர், அந்த வரியை அடித்துவிட்டு ‘கடைசியாக எப்போது, எங்கே, எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?’ என்று எழுதட்டும். கிடைக்கும் எண் சிறியதாகத்தான் இருக்கும். கடன் வாங்குவதற்கு முன்பே அது தெரிந்துவிடும்.