தேர்வுச் சான்றிதழும் உரிமமும் ஒன்றல்ல

"மாமா, ரெண்டு பேப்பரும் பாஸ்!" ஜாசினிலிருந்து அக்கா மகன் அழைத்தான். பங்கு பத்திர ஆணையத்தின் உரிமத் தேர்வில் 6, 7 ஆகிய இரண்டு தொகுதிகளையும் எழுதியிருந்தான். ஆறாவது பங்குச் சந்தையும் அதற்கான சட்டமும். ஏழாவது, நிறுவனங்களின் கணக்கறிக்கையைப் படித்து மதிப்புப் போடுவது. பங்குத் தரகு நிறுவனத்தில் டீலராக இருக்க இந்த இரண்டும் வேண்டும்.

வாழ்த்து சொல்லி முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்தது. தோட்டத்தில் பக்கத்து வீட்டு அத்தை, ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த 5,000 ரிங்கிட்டை அவனிடம் கொடுத்திருக்கிறார். "நீதான் படிச்சவன், பங்குல போட்டுக் கொடு. லாபத்துல உனக்குப் பங்கு." அவனும் வாங்கி வைத்திருக்கிறான்.

"முதலில் திருப்பிக் கொடு" என்றேன். அவனுக்குக் கோபம். "நான்தான் பாஸ் பண்ணிட்டேனே?"

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தேர்வு, உரிமம் கேட்பதற்கான தகுதி மட்டுமே. உரிமத்தைத் தனி ஆளாகப் போய் வாங்க முடியாது. ஒரு தரகு நிறுவனம் வேலைக்கு எடுத்து, அவனுக்காக ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் பிரதிநிதி உரிமம் அந்த நிறுவனத்தோடு சேர்ந்தது. நிறுவனம் மாறினால் மீண்டும் விண்ணப்பம்தான்.

இன்னொன்று, எந்த வேலைக்கு உரிமமோ அந்த வேலையை மட்டுமே செய்யலாம். டீலர், வாடிக்கையாளர் சொன்னபடி பங்கை வாங்கி விற்பவர். ஒரு பங்கை ஆராய்ந்து, 'இதை வாங்கலாம்' என்று அறிக்கை எழுதும் ஆய்வாளருக்கு முதலீட்டு ஆலோசனை உரிமம் தேவை. அதற்குத் தேர்வே வேறு, 12, 19 தொகுதிகள். அத்தையின் பணத்தைக் கையில் வாங்கி, தானே முடிவெடுத்து, லாபத்தில் பங்கு கேட்பதோ நிதி நிர்வாகம். அவன் எழுதிய தேர்வுகள் அதற்கானவையே அல்ல.

2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின் 58ஆவது பிரிவை அவனுக்கு நினைவுபடுத்தினேன். உரிமமின்றி இத்தொழில் நடத்தினால் ஒரு கோடி ரிங்கிட் வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆறாவது தொகுதிக்குப் படித்த பாடம்தான்! கொஞ்ச நேரம் பேச்சில்லை.

மறுநாள் பணம் அத்தையிடம் போய்ச் சேர்ந்தது. பங்கு வாங்க ஆசை இருந்தால் உரிமம் பெற்ற நிறுவனத்தில் தம் பெயரிலேயே கணக்குத் திறக்கலாம் என்று அவனே விளக்கியிருக்கிறான்.

உங்களிடமும் யாராவது சான்றிதழைக் காட்டிப் பணம் கேட்டால், sc.com.my தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடுங்கள். பெயர், நிறுவனம், அனுமதிக்கப்பட்ட வேலை மூன்றும் அதில் இருக்கும். மூன்றும் அவர் சொல்வதோடு பொருந்த வேண்டும். பெயர் இருந்து வேலை பொருந்தாவிட்டாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அக்கா மகன் இப்போது நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். வேலை கிடைத்து, உரிமமும் வந்த பிறகு முதல் வாடிக்கையாளர் தாம்தான் என்று அத்தை சொல்லிவிட்டாராம்.